சிலிக்கன் ஏன் தடிப்பா இருக்கணும்? வெளிச்சம் உறிஞ்சுற கணக்கு

உடைஞ்ச சோலர் பெனல் ஒண்ணு கிடைச்சா கண்ணாடியையும் பிளாஸ்டிக் படலத்தையும் விலக்கிட்டு உள்ள இருக்கிற அந்த நீலக்கறுப்பு சில்லை எடுத்துப் பாருங்க, விரல்ல கொஞ்சம் அழுத்தினாலே டக்குனு முறிஞ்சு போகும், தடிப்பு 150லேர்ந்து 180 மைக்ரோமீற்றர் வரைக்கும் இருக்கும், ரெண்டு தலைமயிரை ஒட்டி வச்ச மாதிரி அளவுதான். கையில பிடிக்கிற நமக்கு அது மெல்லிசு. ஆனா இந்த ஃபீல்ட்ல இருக்கிறவங்க அதை தடிச்ச செல்லுன்னுதான் சொல்லுவாங்க. ஏன்னா கேலியம் ஆர்சனைட், கட்மியம் டெலுரைட் மாதிரி வேற குறைகடத்திகள்ல ரெண்டு மூணு மைக்ரோமீற்றர் இருந்தாலே போதும், வர்ற வெளிச்சத்தை அநேகமா முழுசா உறிஞ்சி முடிச்சிரும். அப்ப சிலிக்கனுக்கு மட்டும் எதுக்கு அம்பது, நூறு மடங்கு தடிப்பு?

ஏ.எல் பௌதிகம் படிக்கிற பிள்ளைங்க இதைக் கேட்டா கூடுதலா ரெண்டு பதில் கிடைக்கும். ஒண்ணு, "மெல்லிசா வெட்டினா உடைஞ்சிரும் சேர்". அது பொய் இல்ல, தொழிற்சாலையில அதுவும் ஒரு காரணம்தான், ஆனா முதல் காரணம் அது இல்ல. ரெண்டாவது, "சிலிக்கன் வெளிச்சத்தை சரியா உறிஞ்சாது". இது பாதிதான் சரி. நீல வெளிச்சத்தை சிலிக்கன் பயங்கர வேகமா உறிஞ்சும், மேல் தோல்லேயே முடிச்சிரும். சிக்கல் வேற ஒரு இடத்துல இருக்கு, சிவப்பு முடிஞ்சு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஆரம்பிக்கிற பக்கத்துல. அந்த ஒரு துண்டு வெளிச்சத்துக்காகத்தான் மிச்சம் இருக்கிற தடிப்பு முழுக்க.

முதல்ல உறிஞ்சல் குணகம்னா என்னன்னு பார்த்துருவோம், அது இல்லாம மேல போக ஏலாது.

வீட்டுல சாயம் நல்லா இறங்கின பிளேன்டீ ஒரு கண்ணாடி கிளாஸ்ல ஊத்திக்கிட்டு அதை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பக்கவாட்டுல பாருங்க, சிவப்பா வெளிச்சம் வரும். அதே தேத்தண்ணியை ஒரு வெள்ளை சாசர்ல மெல்லிசா ஊத்தினா வெளிறிப்போன மஞ்சள். உயரமான கிளாஸை மேல இருந்து அடிவரைக்கும் பார்த்தா கிட்டத்தட்ட கறுப்பு. தேத்தண்ணி ஒண்ணுதான், அதுக்குள்ள வெளிச்சம் போற தூரம்தான் மாறுது. இன்னொண்ணையும் கவனிங்க, எல்லா நிறமும் ஒரே வேகத்துல தொலையல, நீலம் முதல்ல போயிருது, சிவப்பு கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்குது. சாயம் கூடின தேத்தண்ணி, சாயம் குறைஞ்ச தேத்தண்ணின்னு நாம சொல்றதை ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியா ஒரு நம்பரா எழுதினா அதுதான் உறிஞ்சல் குணகம். அதுக்கு α-ன்னு குறியீடு.

கணக்கு இதுதான்:

```
I(x) = I0 · e^(−α·x)
```

I0 உள்ள நுழையிற வெளிச்சம், x போன தூரம், I(x) அந்த ஆழத்துல மிஞ்சியிருக்கிற வெளிச்சம். α-வோட அலகு "ஒரு சென்ரிமீற்றருக்கு", அதாவது cm⁻¹. நிறைய பேர் இதை ஒரு சதவீதம்னு நினைச்சுக்கிறாங்க, அப்படி இல்ல. சதவீதம் வேணும்னா தடிப்பையும் சேர்த்துப் பெருக்கணும், தடிப்பு சொல்லாம "இது எவ்வளவு உறிஞ்சும்"னு கேட்கிற கேள்விக்கே பதில் கிடையாது.

1-ஐ α-வால வகுத்தா ஒரு நீளம் வரும், அதை உறிஞ்சல் ஆழம்னு சொல்லுவாங்க. அந்த ஆழத்தோட வெளிச்சம் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல, அங்க வரும்போது இன்னும் 37 சதவீதம் மிச்சம் இருக்கும். ரெண்டு மடங்கு ஆழத்துல 14 சதவீதம், மூணு மடங்கு ஆழத்துலதான் 5 சதவீதத்துக்கு வரும். அதனால ஒரு பொருள் வெளிச்சத்தை ஒழுங்கா உறிஞ்சணும்னா குறைஞ்சது மூணு உறிஞ்சல் ஆழம் தடிப்பு வேணும்னு மனசுல வச்சுக்கலாம், கீழ வர்ற எல்லாத்துக்கும் அது போதும்.

இப்ப குறைகடத்திக்கு வருவோம். தேத்தண்ணியில சாய மூலக்கூறு செய்ற வேலையை இங்க இலத்திரன் செய்யுது. சிலிக்கன் பளிங்குல இலத்திரன்கள் கீழ் பட்டையில நிரம்பி இருக்கு, மேல் பட்டை காலி, நடுவுல 1.12 இலத்திரன்வோல்ட் இடைவெளி. ஒரு போட்டோன் வந்து தன்னோட சக்தியை முழுசா ஒரு இலத்திரனுக்குக் கொடுத்து அதை மேல தூக்கிவிட்டா போட்டோன் காலி, அதைத்தான் உறிஞ்சுறதுன்னு சொல்றோம். போட்டோனோட சக்தி இடைவெளியை விடக் குறைவுன்னா தூக்க முடியாது, அது பாட்டுக்கு ஊடுருவிப் போயிரும். அலைநீளத்தை நனோமீற்றர்ல எடுத்து 1240-ஐ அதால வகுத்தா போட்டோனோட சக்தி இலத்திரன்வோல்ட்ல வந்துரும். திருப்பிப் போட்டா சிலிக்கனோட எல்லை 1240 ÷ 1.12, அதாவது 1107 நனோமீற்றர் அளவு. நம்ம கண்ணு 700க்கு மேல ஒண்ணும் பார்க்காது, சிலிக்கன் 1107 வரைக்கும் பிடிக்கும், பேப்பர்ல பார்த்தா ரொம்ப நல்ல பொருள்.

பேப்பர்லன்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. சக்தி போதுமா இருந்தா உறிஞ்சலாம்னுதான் இடைவெளி சொல்லுது, எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சும்னு அது சொல்லாது. அதை α-தான் சொல்லும். சிலிக்கனோட α எப்படிப் போகுதுன்னு அறை வெப்பநிலையில பார்ப்போம். 400 நனோமீற்றர் ஊதா நீலத்துக்கு உறிஞ்சல் ஆழம் 0.1 மைக்ரோமீற்றர். 500ல பச்சைக்கு கிட்ட வரும்போது சுமார் 1 மைக்ரோமீற்றர். 600ல ரெண்டரை, 700ல அஞ்சு. இதுவரைக்கும் பரவாயில்ல. 800ல 12 ஆகுது, 900ல 33, 1000ல ஒரேயடியா 156 மைக்ரோமீற்றர், 1100க்குப் போனா கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர். 400க்கும் 1100க்கும் நடுவுல ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு வித்தியாசம், ஒரே பொருள்ல! அதனாலதான் "சிலிக்கன் வெளிச்சத்தை எவ்வளவு ஆழத்துல உறிஞ்சும்"னு பொதுவா கேட்டா சிரிப்பு வருது, எந்த நிறம்னு சொன்னாத்தான் பேச்சே.

பக்கத்துல கேலியம் ஆர்சனைட்டை வச்சுப் பாருங்க. அதோட இடைவெளி 1.42 இலத்திரன்வோல்ட், எல்லை 870 நனோமீற்றர் பக்கம். எல்லைக்குக் கிட்ட இருக்கிற 800லேயே அதோட உறிஞ்சல் ஆழம் முக்கால் மைக்ரோமீற்றர்தான். சிலிக்கன் அதே 800ல, தன்னோட எல்லையிலேர்ந்து எவ்வளவோ தள்ளி இருந்தும், 12 கேட்குது. கேலியம் ஆர்சனைட்ல எல்லையைத் தாண்டினவுடனே α மதில் மாதிரி செங்குத்தா ஏறுது, சிலிக்கன்ல சோம்பேறித்தனமா மெதுவா ஏறுது. இந்த சோம்பேறித்தனம் எங்கேர்ந்து வருது, அதுதான் இந்தக் கட்டுரையோட நடு விசயம்.

பளிங்குக்குள்ள இருக்கிற இலத்திரனுக்கு சக்தி மட்டும் இல்ல, உந்தமும் உண்டு (பளிங்கு உந்தம்னு சரியா சொல்லணும், அதுக்குள்ள இப்ப போகல). கீழ் பட்டையில இலத்திரனோட ஆக உயர்ந்த சக்தி உந்தம் பூச்சியமா இருக்கிற இடத்துல இருக்கு. கேலியம் ஆர்சனைட்ல மேல் பட்டையோட ஆகக் குறைஞ்ச சக்தியும் அதே பூச்சிய உந்தத்துல நேரா மேல இருக்கு. ஆனா சிலிக்கன்ல அது அங்க இல்ல, உந்தம் ரொம்பப் பெருசா இருக்கிற இன்னொரு இடத்துல தள்ளி இருக்கு. அதனால சிலிக்கன்ல ஒரு இலத்திரன் 1.12க்கு மேல ஏறணும்னா சக்தியும் வேணும், கூடவே ஒரு பெரிய உந்த மாற்றமும் வேணும். முதல் மாதிரிக்கு நேரடி இடைவெளின்னு பேரு, ரெண்டாவது மாதிரிக்கு மறைமுக இடைவெளி.

சரி, அந்த உந்தத்தை போட்டோனே கொடுத்துரக் கூடாதா? கொடுக்க ஏலாது, அதுகிட்ட இல்லை. உந்தம் அலைநீளத்துக்கு நேர் எதிரா போகும். 1000 நனோமீற்றர் போட்டோனோட அலை அவ்வளவு நீளம், ஆனா சிலிக்கன் பளிங்குல அணுக்களோட அடுக்கு 0.543 நனோமீற்றருக்கு ஒருக்கா திரும்பத் திரும்ப வருது, இலத்திரனுக்குத் தேவைப்படுற உந்தம் அந்த அளவுக்கு சின்ன நீளத்தோட சம்பந்தப்பட்டது. கணக்குப் போட்டா போட்டோன் கையில இருக்கிறது தேவையோட 1,500ல ஒரு பங்கு அளவு. சக்தியில பெரிய பணக்காரன், உந்தத்துல ஓட்டாண்டி.

உந்தம் தாராளமா இருக்கிறது பளிங்கோட அதிர்வுகிட்ட. அணுக்கள் சும்மா நிக்கிறதில்ல, எப்பவும் அதிர்ந்துக்கிட்டே இருக்கும், அந்த அதிர்வையும் ஒவ்வொரு பொட்டலமா எண்ணலாம், அதுக்கு ஃபோனோன்னு பேரு. ஃபோனோனுக்கு சக்தி ரொம்பக் கொஞ்சம், சிலிக்கன்ல இந்த வேலைக்கு உதவுற முக்கியமான ஃபோனோனுக்கு 0.06 இலத்திரன்வோல்ட் அளவுதான், ஆனா உந்தம் வேண்டிய மட்டும் இருக்கு. அதனால சிலிக்கன்ல எல்லைக்குக் கிட்ட ஒரு போட்டோன் உறிஞ்சப்படணும்னா இலத்திரன், போட்டோன், ஃபோனோன் மூணும் ஒரே நிகழ்ச்சியில சேரணும். ஒண்ணு, அந்த நேரத்துல அங்க இருக்கிற ஒரு ஃபோனோனை இலத்திரன் எடுத்துக்கணும், இல்லாட்டி புதுசா ஒண்ணை உண்டாக்கி வெளிய விடணும். ரெண்டு பேர் சந்திக்கிறதை விட மூணு பேர் ஒரே நேரத்துல சந்திக்கிறது எப்பவுமே அபூர்வம், அதனால போட்டோன் சக்தி இருந்தும் உறிஞ்சப்படாம நூத்துக்கணக்கான மைக்ரோமீற்றர் ஓடிக்கிட்டே இருக்கும். α சின்னதா இருக்கிறதுன்னா அவ்வளவுதான் அர்த்தம், ஒவ்வொரு அடியிலயும் மாட்டிக்கிற வாய்ப்புக் குறைவு.

போட்டோனோட சக்தி கூடக் கூட கை கோர்க்க வழிகளும் கூடுது, α ஏறுது. சுமார் 3.4 இலத்திரன்வோல்ட்ல, அதாவது 365 நனோமீற்றர் புற ஊதாவுல, சிலிக்கன்லயும் உந்தம் மாறாம நேரா மேல ஏறுற வழி திறந்துருது, அங்க ஃபோனோன் தேவையில்ல, உறிஞ்சல் ஆழம் ஒரு மைக்ரோமீற்றர்ல நூத்துல ஒரு பங்குக்கு விழுந்துரும். நீலத்துல சிலிக்கன் அவ்வளவு வேகமா உறிஞ்சுறதுக்குக் காரணம் இந்த வாசல் பக்கத்துலயே இருக்கிறதுதான்.

இந்த ஃபோனோன் கதை உண்மைதானான்னு சந்தேகம் இருந்தா வெப்பநிலையை மாத்திப் பார்த்தா தெரிஞ்சுரும். சூடு கூடினா அதிர்வு கூடும், எடுத்துக்கிறதுக்கு ஃபோனோன் கூட இருக்கும், இடைவெளியும் கொஞ்சம் சுருங்கும், அதனால எல்லைக்குக் கிட்ட α ஏறணும். ஏறத்தான் செய்யுது. பெனலோட தரவுத்தாள்ல Isc-ன்னு, அதாவது குறுஞ்சுற்று ஓட்டம்னு ஒரு வரி இருக்கும், அதுக்கு நேரா ஒரு பாகை செல்சியசுக்கு 0.05 சதவீதம் மாதிரி ஒரு கூட்டல் நம்பர் போட்டிருப்பாங்க, சூடானா ஓட்டம் துளியூண்டு கூடுதுன்னு அர்த்தம், அதுல பெரும்பங்கு இந்த அகச்சிவப்புப் பக்கம் கூடுதலா உறிஞ்சுறதாலதான். ஆனா இதைப் பார்த்துட்டு வெயில் காய்ற ஊர்தான் நல்லதுன்னு முடிவுக்கு வந்துராதீங்க, அதே தாள்ல வோல்ட்டுக்கு நேரா அதை விடப் பல மடங்கு பெரிய கழித்தல் நம்பர் இருக்கும், மொத்தத்துல குளிர்தான் நல்லது. நுவரெலியா, ஹட்டன் பக்கம் அதே அளவு வெயில் கிடைச்சா, கீழ் நாட்டுச் சூட்டுல காயிற பெனலை விட இங்க இருக்கிற பெனல் கூடத்தான் கொடுக்கும். நம்ம பக்கத்துப் பிரச்சினை குளிர் இல்ல, மூட்டம்.

இப்ப ஒரு கணக்கை முழுசா போட்டுப் பார்ப்போம். மூணு தடிப்புல சிலிக்கன் எடுத்துக்குவோம், 2, 20, 180 மைக்ரோமீற்றர். மேற்பரப்புல தெறிச்சுப் போற வெளிச்சத்தை இப்போதைக்கு விட்டுருவோம் (வெறும் சிலிக்கன்ல அது மூணுல ஒரு பங்கு போகும், அதைத் தடுக்கத்தான் மேல சிலிக்கன் நைத்திரைட்டு பூசுறாங்க, செல்லோட நீல நிறம் அந்தப் பூச்சால வர்றது). உள்ள நுழைஞ்ச வெளிச்சம் ஒரே தடவை குறுக்க ஓடி வெளிய போகுதுன்னு வச்சுக்குவோம்.

முதல்ல 800 நனோமீற்றர். இங்க α சுமார் 850 cm⁻¹. 2 மைக்ரோமீற்றர்னா 0.0002 சென்ரிமீற்றர், பெருக்கினா 0.17, e^(−0.17) = 0.84, அதாவது 84 சதவீதம் தப்பிச்சுப் போகுது, உறிஞ்சினது 16 சதவீதம்தான். இதே 2 மைக்ரோமீற்றர் கேலியம் ஆர்சனைட்டா இருந்தா 90க்கு மேல உறிஞ்சியிருக்கும். 20 மைக்ரோமீற்றர் சிலிக்கன்ல 82 சதவீதம் வந்துருது, 180ல ஒண்ணும் மிச்சமில்ல.

அடுத்தது 1000 நனோமீற்றர், α 64 cm⁻¹. இங்கதான் படம் மாறுது. 2 மைக்ரோமீற்றர் படலம் ஒரு சதவீதம் சொச்சம்தான் உறிஞ்சும், இருந்தும் இல்லாத மாதிரி. 20 மைக்ரோமீற்றர் 12 சதவீதம். 180க்கு வந்தாக்கூட α·x = 1.15, உறிஞ்சினது 68 சதவீதம், மூணுல ஒரு பங்கு பின்பக்கம் வழியா வெளிய போயிரும். 1100ல கேட்கவே வேணாம், முழு 180 மைக்ரோமீற்றரும் சேர்ந்து 6 சதவீதம்.

"இந்த அகச்சிவப்பை விட்டுட்டா என்ன, கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம் போதாதா"ன்னு கேட்கலாம். போதாது. தெளிவான வெயில்ல சிலிக்கனுக்குப் பயன்படுற போட்டோன்களை எண்ணிப் பார்த்தா 800க்கும் 1107க்கும் நடுவுல இருக்கிறது மட்டும் மூணுல ஒரு பங்குக்கு மேல வரும். ஒரு போட்டோனுக்கு ஒரு இலத்திரன்தான் கணக்கு, நீல போட்டோன் சக்தி கூடன்னு ரெண்டு இலத்திரன் வராது, அதனால அந்த மூணுல ஒரு பங்கை விட்டா ஓட்டத்துல மூணுல ஒரு பங்கு போச்சு. தடிப்பு யாருக்காகன்னு இப்ப விளங்கியிருக்கும், முதல் 15, 20 மைக்ரோமீற்றர் கண்ணுக்குத் தெரியிற எல்லா நிறத்தையும் முடிச்சிருது, மிச்ச 150-ம் இவங்களுக்குத்தான்.

அப்ப இன்னும் தடிப்பாக்கிர வேண்டியதுதானே, ஒரு மில்லிமீற்றர் போட்டா 1000லயும் முழுசா பிடிச்சிருமே? இங்கதான் மறுபக்கம் இழுக்குது. போட்டோனை உறிஞ்சுறது பாதி வேலை. உறிஞ்சினப்போ மேல ஏறின இலத்திரனும் அது விட்டுட்டு வந்த துளையும் செத்துப் போகாம கரண்ட் எடுக்கிற சந்திக்குப் போய்ச் சேரணும். ஆழத்துல பிறந்தது நீண்ட தூரம் அலைஞ்சு வரணும், வழியில மாசு அணு ஒண்ணோ பளிங்குல ஒரு குறையோ இருந்தா அங்க மாட்டி துளையோட சேர்ந்து மறைஞ்சிரும், போட்டோன் கொடுத்த சக்தி வெறும் சூடா போயிரும். அதனால தடிச்ச செல்லுக்கு ரொம்ப ரொம்ப சுத்தமான சிலிக்கன் வேணும், காசு கூடும். சுத்தமான சிலிக்கன்லயும் தடிப்பு கூடக் கூட இலத்திரன்கள் மறையிறதுக்கான இடமும் கூடுது, வோல்ட் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். உறிஞ்சுறதுக்கு தடிப்பு வேணும், சேகரிக்கிறதுக்கு மெல்லிசு வேணும், ரெண்டுக்கும் நடுவுல கணக்குப் போட்டுப் பார்த்தவங்க, மிக நல்ல சிலிக்கனுக்கு சிறந்த தடிப்பு 100 மைக்ரோமீற்றரை ஒட்டி வரும்னு காட்டியிருக்காங்க.

ஆனா 100ல 1000 நனோமீற்றர் வெளிச்சம் பாதிதானே உறிஞ்சப்படும், மேல போட்ட கணக்கு அப்படித்தானே சொல்லும்? அந்தக் கணக்குல "ஒரே தடவை குறுக்க ஓடி வெளிய போகுது"ன்னு ஒரு வரி போட்டேனே, அதை மாத்துறதுதான் வித்தை. சிலிக்கனைத் தடிப்பாக்காம, வெளிச்சம் அதுக்குள்ள ஓடுற தூரத்தை மட்டும் கூட்டுறது.

முதல் வழி பின்பக்கம் கண்ணாடி மாதிரி தெறிக்கிற உலோகப் பூச்சு. 180 மைக்ரோமீற்றர் செல்லுக்கு அது 360 ஆயிருது, 1000ல 68 சதவீதமா இருந்தது 90 ஆகுது, ஒரு துளி சிலிக்கனும் கூடல. ரெண்டாவது வழிதான் அழகு. பளிங்கை ஒரு குறிப்பிட்ட திசையில வெட்டி கார நீர்க்கரைசல்ல போட்டா சில முகங்கள் வேகமா கரையும், சில முகங்கள் மெதுவா கரையும், மிஞ்சுறது மேற்பரப்பு முழுக்க சில மைக்ரோமீற்றர் உயரத்துல நாலு பக்கக் கூம்புகள், ஒரு வரிசை இல்லாம கோடிக்கணக்குல. கையில பிடிச்சுப் பார்த்தா பளபளப்பு போய் வெல்வெட் மாதிரி கறுப்பா இருக்கும். இந்தக் கூம்பு மேல விழுற வெளிச்சம் சாய்வா உள்ள நுழையும், சாய்வா போறதால ஓடுற தூரமே கூடும், அதை விட முக்கியம், திரும்பி மேல வரும்போது வெளிய போக ஏலாம மாட்டிக்கும். சிலிக்கனோட முறிவுச்சுட்டி 3.5 அளவு, அப்ப அவதிக் கோணம் 17 பாகைக்கும் கொஞ்சம் குறைவு, அதுக்கு மேல சாய்ஞ்சு வர்ற எல்லாக் கதிரும் முழு அகத்தெறிப்பாகி மறுபடி உள்ள. ஏ.எல்ல கண்ணாடிக் குற்றிக்குப் போடுற அதே கணக்குதான், சுட்டி பெருசுங்கிறதால தப்பிக்கிற வாசல் அவ்வளவு ஒடுக்கம்.

வெளிச்சம் உள்ள எல்லாத் திசையிலயும் நல்லா கலைஞ்சு போச்சுன்னா, சராசரியா ஓடுற தூரம் தடிப்பை விட 4n² மடங்கு வரைக்கும் கூடலாம்னு 1982ல யப்லோனோவிச்னு ஒரு பௌதிகவியலாளர் காட்டினார், n-ங்கிறது முறிவுச்சுட்டி, அதுக்கு 3.5 போட்டா 49. கிட்டத்தட்ட அம்பது மடங்கு! இதை நம்ம 20 மைக்ரோமீற்றர் படலத்துக்குப் பயன்படுத்தினா, 1000 நனோமீற்றர்ல 12 சதவீதமா இருந்தது 85 வரைக்கும் போகலாம், அம்பது மடங்குங்கிறது சராசரிதான், சில கதிர் சீக்கிரமே தப்பிரும், அதனால மேல போட்ட e கணக்குல அப்படியே போட்டா வர்றதை விட இது குறைவு. 180 மைக்ரோமீற்றர் செல் 1100ல 6 சதவீதத்துலேர்ந்து முக்கால் பங்கு வரைக்கும் எட்டலாம். இது உச்ச வரம்பு, நிஜ செல்லுல பின்பக்க உலோகமே கொஞ்சம் தின்னுரும், கூம்புகளும் அவ்வளவு முழுசா கலைக்காது, அதனால அதை விடக் குறைஞ்சுதான் கிடைக்கும். ஆனாலும் 2000ங்களோட தொடக்கத்துல 300 மைக்ரோமீற்றர் அளவுல இருந்த செல் இன்னைக்கு அதுல பாதிக்கு வந்தும் ஓட்டம் குறையாம இருக்குன்னா காரணம் இதுதான். கம்பியால இன்னும் மெல்லிசா வெட்டக் கத்துக்கிட்டது ஒரு பக்கம், வெட்டின மெல்லிசுலயும் வெளிச்சத்தைப் பிடிச்சு வைக்கக் கத்துக்கிட்டது மறுபக்கம்.

ஒரு செல்லுல குறை இருந்தா அது தடிப்பு சம்பந்தப்பட்டதா இல்ல வேறயான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஒவ்வொரு அலைநீளமா வெளிச்சம் போட்டு, விழுற நூறு போட்டோனுக்கு எத்தனை இலத்திரன் வெளிய வருதுன்னு அளந்து ஒரு வளைகோடு வரைவாங்க. நீலப் பக்கம் கோடு தொங்கிச்சுன்னா முன் மேற்பரப்புல கோளாறு, ஏன்னா நீலம் உறிஞ்சப்படுறது அங்க மட்டும்தான். 900லேர்ந்து 1100 பக்கம் சீக்கிரமே விழுந்துருச்சுன்னா ஒண்ணு செல் மெல்லிசு, இல்லாட்டி பின்பக்கத் தெறிப்பு மோசம், இல்லாட்டி ஆழத்துல பிறந்த இலத்திரன் வந்து சேரல. இந்த மூணையும் பிரிக்க, பின்பக்கத்தால எவ்வளவு வெளிச்சம் ஊடுருவுது, முன்பக்கம் எவ்வளவு திரும்பி வருதுன்னும் அளக்கணும். வெளிச்சம் வெளிய வராம உள்ளயே உறிஞ்சப்பட்டும் இலத்திரன் வரலைன்னா குற்றவாளி தடிப்பு இல்ல, சிலிக்கனோட தரம் (பின்பக்க உலோகம் தின்னதையும் கழிச்சுக்கணும்).

வீட்டுல ஆய்வுகூடம் இல்லாம இதோட ஒரு மூலையைப் பார்க்கணும்னா டீ.வி ரிமோட்டை எடுத்து நுனியில இருக்கிற பல்பை போன் கெமராவுக்கு நேரா பிடிச்சு பட்டனை அழுத்துங்க. நிறைய ரிமோட்ல 940 நனோமீற்றர் வெளிச்சம்தான் வருது, கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா ஸ்க்ரீன்ல வெள்ளையாவோ ஊதாவாவோ மின்னும். பின் கெமராவுல தெரியலைன்னா முன் கெமராவுல பாருங்க, அகச்சிவப்பைத் தடுக்கிற வடிகட்டி சில போன்ல அங்க அவ்வளவு இறுக்கமா இருக்காது. கெமராவுக்குள்ள இருக்கிறதும் சிலிக்கன்தான், வெளிச்சம் பிடிக்கிற அடுக்கு சில மைக்ரோமீற்றர் மட்டும். 940ல உறிஞ்சல் ஆழம் 55 மைக்ரோமீற்றர் அளவு, அப்ப 3 மைக்ரோமீற்றர் அடுக்கு 5 சதவீதம்தான் பிடிக்கும், மிச்சமெல்லாம் ஊடுருவிப் போயிரும். ரிமோட் பல்பு கிட்டக்க பிடிச்சா ரொம்பப் பிரகாசமா இருக்கிறதால அந்த அஞ்சு சதவீதமே போதுமா இருக்கு.

கடைசியா ஒரு கேள்வி கட்டாயம் வரும், அதையும் சொல்லிர்றேன். கல்குலேட்டர்ல மேல ஒரு பழுப்பு நிறப் பட்டை இருக்கே, அதுவும் சிலிக்கன்தானே, அது அரை மைக்ரோமீற்றர் தடிப்புல எப்படி வேலை செய்யுது? அது பளிங்கு இல்ல. அணுக்கள் ஒழுங்கான வரிசை இல்லாம தாறுமாறா உறைஞ்ச சிலிக்கன், கூட ஐதரசனும் சேர்ந்தது. திரும்பத் திரும்ப வர்ற அடுக்கு இல்லாத இடத்துல அந்த உந்தக் கட்டுப்பாடும் இல்ல, ஃபோனோனுக்குக் காத்திருக்க வேண்டியதில்ல, அதனால கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தை பளிங்கு சிலிக்கனை விடப் பல மடங்கு வேகமா உறிஞ்சும். பதிலுக்கு ரெண்டு இழப்பு. இடைவெளி 1.7 இலத்திரன்வோல்ட் அளவுக்குக் கூடிருது, 730 நனோமீற்றருக்கு மேல ஒண்ணும் பிடிக்காது, நாம இவ்வளவு நேரம் துரத்தின அகச்சிவப்பு முழுசா போச்சு. ரெண்டாவது, தாறுமாறான அணுக்களுக்கு நடுவுல இலத்திரன் தூரம் போக ஏலாது, அதனால தடிப்பா போட்டாலும் பிரயோசனம் இல்ல. கூரைக்கு அது சரிப்பட்டு வராது, ஆனா வகுப்பறையில எரியிற எல்.ஈ.டி பல்புல 730க்கு மேல பெருசா ஒண்ணும் வர்றதும் இல்லையே, கல்குலேட்டர் அதுல ஓடிரும்.